நீராவிக்கு எத்தனை கலோரி

குழல்வாய்மொழி டீச்சரிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகத்தை முதலில் சொல்வார்கள்: "எண்ணை நெட்டுருப் போடாதட்டீ, அது எங்கன வந்து உட்காருதுன்னு பாரு." தென்காசியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் நடத்தியவர். சொந்த ஊர் இலத்தூர். அப்பா பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பாளையங்கோட்டைக்குப் போய் பி.எஸ்ஸி. படித்து, ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் முடித்து வந்தது அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சு.

அந்த வாசகம் அவருக்குக் கல்லூரியில் வந்தது. ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது எத்தனை கலோரி வெப்பத்தை விடுகிறது என்று அளக்கும் சோதனையை மூன்று வாரம் செய்தார். முதல் வாரம் 512 வந்தது. அடுத்த வாரம் 561. மூன்றாவது வாரம் 530. புத்தகத்தில் 540 என்று இருந்தது. இன்னொரு புத்தகத்தில் 536. அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று விளங்கியது. யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து அளந்து வைத்த எண் அது. எவ்வளவு மூளை இருந்தாலும் உட்கார்ந்த இடத்தில் யோசித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியிருக்க, யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் பரீட்சையில் அதை ஏன் மனப்பாடமாகக் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் 1960ஆம் வருஷம் ஐப்பசியில் குற்றாலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது தென்காசி வட்டாரத்துப் பள்ளிகள் பன்னிரண்டு சேர்ந்து, பதினோராம் வகுப்புக்குப் பொதுவாகக் கேள்வித்தாள் அச்சடித்து ஒரு தேர்வு நடத்தின. அதில் எல்லாப் பாடத்திலும் தேறிய பிள்ளைகளைத்தான் மார்ச் மாதம் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். செலக்‌ஷன் பரீட்சை என்று பெயர். கேள்விகளை முடிவு செய்யும் கூட்டம் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் நடக்கும். சீசன் முடிந்து ஆள் நடமாட்டம் இருக்காது, கேள்வி வெளியே கசியாது என்பது ஏற்பாடு. ஆனால் ஐப்பசி மழையில் அருவி காட்டுத்தனமாக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலை அடைத்தும் இரைச்சல் அடங்கவில்லை. ரகசியக் கேள்விகளை ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

குழுவுக்குத் தலைவர் தில்லைநாயகம், ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியர். வெள்ளை முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். சுரண்டையிலிருந்து கணக்கு வாத்தியார் ஒலி முகம்மது வந்திருந்தார்.

விஞ்ஞானத் தாளை எழுதியவர் குழல்வாய்மொழி. முதல் பக்கத்தின் உச்சியில் ஆறு வரி இருந்தது. நீராவியின் உள்ளுறை வெப்பம், பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம், செம்பின் தன்வெப்பம், பாதரசத்தின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், பை.

தில்லைநாயகம் அந்த ஆறு வரியில் பென்சிலை வைத்தார். "இது என்னத்துக்கு டீச்சரம்மா?"

"பிள்ளைகளுக்கு வேண்டிய எண்ணுக, சார். அவங்க அளந்து பார்க்க முடியாதது. அதைத் தாள்லயே கொடுத்திரணும்."

"பாதரசத்தோட அடர்த்தியை வச்சு நீங்க கேள்வியே கேக்கலியே?"

"வேணும்னுதான் சார் போட்டேன். வேண்டியதை மட்டும் கேள்விக்கு அடியிலயே போட்டா, ஓகோ இதை இங்கன பெருக்கணும் போலிருக்குன்னு பிள்ளை பிடிச்சுக்கிடும். அதுவே பாதி விடை. ஆறையும் மொத்தமா மேல போட்டுட்டா, எது வேணும், எது வேண்டாம்னு அவதான தேடி எடுக்கணும்?"

தில்லைநாயகம் பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லுதது நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்ச்சுல சர்க்கார் பரீட்சையில எண்ணைக் கொடுப்பானா மாட்டானான்னு நமக்குத் தெரியாது. நாம இங்கன கொடுத்துப் பழக்கிட்டு, அங்கன கொடுக்கலைன்னா? பிள்ளை நடுத்தெருவுல நிக்கும்லா?"

அது நியாயமான பேச்சுதான்.  குழல்வாய்மொழி சொன்னார்: "கணக்குப் பரீட்சைக்கு லாக் புத்தகத்தைக் கையில கொடுக்கோம். அதுல ஆயிரம் எண்ணு இருக்கு. அதைக் காப்பின்னு யாராவது சொல்லுதோமா?"

ஒலி முகம்மது மேசையைத் தட்டினார். "அப்படிக் கேளுங்க டீச்சர்! கையோட, ஊசல் சூத்திரத்தையும் மேல போட்டுருவோம். எங்க ஊருப் பயலுகளுக்கு அந்த வர்க்கமூலம் நிக்கவே மாட்டேங்கு."

"சூத்திரம் கூடாது சார்."

"ஏன் கூடாதுங்கேன்?"

"ஊசல் நீளத்தை மாத்தி மாத்திக் கட்டி, ஆட்டி, அவங்களே எண்ணிப் பார்த்திருக்காங்க. நீளம் நாலு மடங்கானா நேரம் ரெண்டு மடங்காகுதுன்னு அவங்க கையாலயே கண்டது. அது ஞாபகத்துல இருக்கணும். வெப்பம் இழந்ததும் பெற்றதும் சமம்ங்கதும் அப்படித்தான். அதைக் கொடுத்துட்டா கேக்கதுக்கு என்ன மிச்சம்?"

"எண்ணு கொடுப்பீங்க, சூத்திரம் கொடுக்க மாட்டீங்க. இது என்ன கணக்கோ, போங்க" என்று ஒலி முகம்மது நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஒருவழியாக, ஆறு எண்களும் அச்சாகும், சூத்திரம் ஒன்றும் அச்சாகாது என்று முடிவானது. தில்லைநாயகம் தன் கையாலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தபோது குழல்வாய்மொழிக்கு மனசு நிறைந்து இருந்தது.

தை மாதம் பரீட்சை. அன்று காலை கண்காணிப்பு அவருக்கே விழுந்தது. உறையைப் பிரித்துத் தாளை எடுத்தார். உச்சியில் பள்ளிகளின் குழுப் பெயர், நேரம், மொத்த மார்க். அதற்கு அடியில் நேராக முதல் கேள்வி. புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கம் பார்த்தார். ஆறு வரியைக் காணோம்.

தாளைக் கொடுத்தாயிற்று. நாற்பத்தியொரு பெண்கள் குனிந்து எழுதுகிறார்கள். ஏழாவது கேள்வி எட்டு மார்க். நூறு கிராம் செம்புக் கலோரிமீட்டரில் முப்பது டிகிரியில் 285 கிராம் தண்ணீர். நூறு டிகிரி நீராவியை உள்ளே விட்டதும் ஐம்பது டிகிரிக்கு ஏறுகிறது. உள்ளே போன நீராவி எவ்வளவு? செம்பின் தன்வெப்பம் 0.1 வகுப்பில் அடிக்கடி போட்டுப் பழகியது; 540 என்ற எண்ணும் தெரிந்தால் விடை பிசிறில்லாமல் பத்து கிராம். தெரியாவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

முக்கால் மணி நேரத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஜாஹிரா பீவி எழுந்தாள். நெசவுக்காரர் அகமது கபீரின் மகள். அந்தத் தெருவிலிருந்து பதினோராம் வகுப்புவரை வந்த ஒரே பெண்.

"டீச்சர், ஏழாவது கேள்வியில நீராவியோட உள்ளுறை வெப்பம் போடலியே டீச்சர்?"

குழல்வாய்மொழிக்கு நாக்கு நுனியில் நின்றது. ஐந்நூற்று நாற்பது. கரும்பலகையில் எழுத மூன்று இலக்கம். ஆனால் அதே தாளை இதே நேரத்தில் இன்னும் பதினோரு பள்ளிகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மட்டும் எழுதினால் அது என்ன நியாயம்?

"உக்காரு. கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

தலைமையாசிரியை ஞானப்பூ அம்மாளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அவர் பியூன் மாடனைச் சைக்கிளில் ஆண்கள் பள்ளிக்கு விரட்டினார். மாடன் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. சீட்டின் பின்பக்கம் தில்லைநாயகத்தின் உருண்டைக் கையெழுத்து: "அச்சானபடியே நடத்தவும்."

மணி அடிக்கும்வரை குழல்வாய்மொழி ஜாஹிராவின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

விடைத்தாள் திருத்தும் வேலை ஆண்கள் பள்ளி மாடியில் நடந்தது. ஒரு பள்ளியின் தாளை இன்னொரு பள்ளி வாத்தியார் திருத்துவார். உள்ளே போனதும் குழல்வாய்மொழி நேராகத் தில்லைநாயகத்தின் மேசைக்குப் போனார்.

"ஆறு வரி எங்க சார்?"

"அச்சாபீஸ்ல நாலு பக்கத்துக்குள்ள அடங்கல டீச்சரம்மா. மிஞ்சினதை அஞ்சாவது பக்கம் கொண்டுபோனா, பள்ளிக்கொரு கட்டு, அத்தனைக்கும் இன்னொரு தாள் செலவு. புரூப் பார்க்கையில எதை எடுக்கன்னு பார்த்தேன். கேள்வியை எடுக்க முடியுமா? மார்க் குறைஞ்சிரும்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அந்த எண்ணைக் கொடுப்போம்னு நம்பித்தான அந்தக் கேள்வியவே போட்டேன்! வரியை எடுத்தா கேள்வியையும் மாத்தணும்னு எனக்குத் தெரியும். அச்சாபீஸ்காரனுக்குத் தெரியுமா?"

"படிச்ச பிள்ளைக்கு ஐந்நூத்தி நாப்பது தெரியாமயா போகும்?"

"எந்தப் புத்தகத்துல சார்? பழைய புத்தகம் வச்சிருக்கவளுக்கு ஐந்நூத்தி முப்பத்தாறு. அதை வச்சுப் போட்டா பத்து புள்ளி பூஜ்யம் ஏழு வரும். உங்க விடைக் குறிப்புல பத்துன்னு மட்டும் இருக்கு. அவ போட்டது தப்பா?"

இது தில்லைநாயகத்துக்குப் பட்டது. விடைக் குறிப்பில், எந்தப் புத்தக எண்ணை வைத்துச் சரியாகப் போட்டிருந்தாலும் முழு மார்க் என்று தன் கையாலேயே சேர்த்தார். அவ்வளவு தூரம் வந்தவரை இன்னும் ஓரடி நகர்த்திவிடலாம் என்று குழல்வாய்மொழி நினைத்தார்.

"எண்ணு தெரியாம, அதை எல்னு ஒரு எழுத்தா வச்சுக்கிட்டு, கடைசிவரை முறையாப் போட்டிருக்க பிள்ளைக்கு?"

"எண்ணு இல்லாத விடை என்ன விடை? எத்தனை கிராம்னு கேட்டா எல்லுன்னு சொல்லுவாளா?"

"5900 மேல, எல்லும் ஐம்பதும் கீழ. இதுவரைக்கும் வந்துட்டா சார்! இதுக்கு மேல வெறும் வகுத்தல். நாலாங்கிளாஸ் பிள்ளை போடும். எட்டுல ஆறு கொடுக்கலாம்லா?"

அப்போதுதான் ஒலி முகம்மது தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. நான் எங்க பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதிப் போட்டுட்டேன். பயலுக முழிச்சுக்கிட்டு இருந்தானுவ. குழுவுல முடிவு பண்ணினதுதான, அச்சுல விட்டுப்போயிருக்கும்னு நினைச்சேன்."

 யார்மேல் கோபப்படுவது என்றே குழல்வாய்மொழிக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் செய்தது சரியா தப்பா என்று இரண்டு நாள் யோசித்தாலும் முடிவுக்கு வர முடியாது. அவர் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள். நியாயம் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவரின் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் தில்லைநாயகம். "ஒரு பள்ளிக்கூடத்துல எழுதிப் போட்டிருக்கு, ஒண்ணுல இல்ல. இனி எல்லுக்கு ஒரு மார்க், அதுக்கு ஒரு மார்க்குன்னு பிரிச்சா எங்க போய் முடியும்? வழிமுறைக்கு ரெண்டு. அதோட விடுங்க."

ஜாஹிராவின் தாளைத் திருத்தியது புளியங்குடி வாத்தியார். ஏழாவது கேள்வியை எல் என்ற எழுத்தோடு கடைசிவரை போட்டிருந்தாள்; எட்டுக்கு இரண்டு. மொத்தம் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

குழல்வாய்மொழி ஞானப்பூ அம்மாளிடம் போய் நின்றார். அவர் விடைத்தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஏழாவது கேள்வியை மேலிருந்து கீழே படித்தார். அவரும் பழைய விஞ்ஞான டீச்சர்தான்.

"நல்லாத்தான் போட்டிருக்கா. ஆனா ரெண்டு மார்க் குறைஞ்சவ இவ ஒருத்தி இல்லியே. இசக்கிக்குச் சரித்திரத்துல ரெண்டு குறையுது. இவளை விட்டா அவளையும் விடணும். போன வருஷம் ரிசல்ட்டைப் பார்த்துட்டு இன்ஸ்பெக்டர் என்ன சொல்லிட்டுப் போனார்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இது பிள்ளை தப்பு இல்லம்மா. தாளோட தப்பு."

"தாளோட தப்புன்னு நான் எழுத முடியாது. குழு எழுதணும்."

குழு எழுதவில்லை. குழல்வாய்மொழி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். தில்லைநாயகம் வாங்கி, அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். அடுத்த கூட்டம் ஐப்பசியில்.

அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்பும் பட்டியல் பள்ளிச் சுவரில் ஒட்டியதற்கு மறுநாள் சாயங்காலம், குழல்வாய்மொழி நெசவாளர் தெருவுக்குப் போனார். அகமது கபீர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஜாஹிரா வெளியே வரவில்லை.

"ரெண்டு மார்க்குதான் குறைவு. ஜூன்ல மறுபடி சேத்து விடுங்க. ஒரு வருஷம்தான்" என்றார் டீச்சர்.

 கபீரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் படிக்காதவன் டீச்சர். தெரியாமத்தான் கேக்கேன். எண்ணை நெட்டுருப் போட வேண்டாம்னு நீங்கதான் சொன்னியளாம். ராத்திரி பாடம் படிக்கையில அவ உம்மா கேட்டாளாம், இந்த எண்ணையும் சேத்துப் படிச்சா என்னட்டீன்னு. டீச்சர் வேண்டாம்னாகன்னு இவ சொன்னாளாம். அப்படியா?"

"ஆமா."

"அதைப் பரீட்சையில கொடுப்பாகன்னு சொன்னியளா?"

அப்படி அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூட்டத்து முடிவு ரகசியம். ஆனால் முடிவு தெரிந்த மூன்று மாதமும், மனசுக்குள் அந்தத் தைரியத்தோடுதான் பாடம் நடத்தினார். ஒருமுறையாவது, எதற்கும் இதை மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

"சொல்லல. ஆனா சொன்ன மாதிரிதான்" என்றார். "தப்பு எம்பேர்லயும் இருக்கு."

கபீர் தலையாட்டினார். "ஒரு எண்ணுதான டீச்சர். படிச்சிருப்பா. அவளுக்கு என்ன, ஒரு நிமிஷத்துல படிச்சிருப்பா."

குழல்வாய்மொழிக்கு அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. ஸ்டூலைத் தானே சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மார்ச்சில் அரசாங்கப் பரீட்சை வந்தது. மத்தியானம் ஹாலிலிருந்து வந்த பெண்ணிடம் தாளை வாங்கிப் பார்த்தார். வெப்பத்தில் ஒரு கணக்கு இருந்தது. கேள்வியின் அடியில், பிறைக்குறிக்குள், நீராவியின் உள்ளுறை வெப்பம் 540 கலோரி என்று அச்சாகியிருந்தது. தாளை மடித்துப் பெண்ணிடம் கொடுத்தார். 

ஜூனில் ஜாஹிரா வந்தாள். அவள் உம்மா பிடிவாதம் பிடித்ததாகக் கேள்வி. தன்னைவிட ஒரு வயது சின்னப் பெண்களோடு, அதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் வாரமே நோட்டின் அட்டைக்குள் எண்களையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாள். டீச்சர் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் வாய் அவருக்கு அந்த வருஷம் இல்லை.

ஐப்பசியில் மறுபடியும் குற்றாலம். தில்லைநாயகம் எழுந்து, போன வருஷக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "டீச்சரம்மா சொன்னதுதான் சரின்னு மார்ச்சுத் தாள் காட்டிட்டு. நான் தோத்தேன்னே வச்சுக்கிடுங்க. இந்த வருஷம் குறையே வைக்கப்படாது. எண்ணு, சூத்திரம் எல்லாத்தையும் மேல போட்டுருவோம். தனித் தாளே அடிப்போம்."

அவர் நீட்டிய காகிதத்தில் இருபத்திரண்டு வரி இருந்தது. ஊசல் சூத்திரம், லென்ஸ் சூத்திரம், இழந்த வெப்பம் சமம் பெற்ற வெப்பம் வரை. ஒலி முகம்மது சிரித்தபடி டீச்சரைப் பார்த்தார்.

குழல்வாய்மொழிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இப்படி இல்ல சார் நான் சொன்னது."

"என்னம்மா இது? போன வருஷம் போடலைன்னு சண்டை. இந்த வருஷம் போட்டாச் சண்டையா?"

"வெப்பம் இழந்ததும் பெற்றதும் சமம்னு நாமளே எழுதிக் கொடுத்துட்டா, பிள்ளைகிட்ட கேக்கதுக்கு என்ன சார் இருக்கு? வெறும் பெருக்கல்தான்."

"அப்போ லென்ஸாவது இருக்கட்டும்" என்றார் ஒலி முகம்மது.

"லென்ஸ்தான் சார் பெரிய வம்பு. உங்க பள்ளிக்கூடத்துல நிஜ பிம்பத்தோட தூரத்தைக் கூட்டல்னு நடத்துதீங்க. எங்க புத்தகத்துல இடது பக்கம் கழித்தல்னு இருக்கு. உங்க சூத்திரத்துல நடுவுல கூட்டல், எங்க சூத்திரத்துல கழித்தல். ரெண்டும் அதது முறைக்குச் சரி. ஒண்ணை அச்சடிச்சா, மத்ததைப் படிச்ச பிள்ளை அச்சை நம்பித் தன் குறியை அதுல போட்டுத் தப்பாக்கும். எண்ணு புத்தகத்துக்குப் புத்தகம் மாறினாலும், இதையே வச்சுக்கோன்னு சொல்லிரலாம். சூத்திரம் அப்படி இல்ல."

ஒலி முகம்மது சிரிப்பை நிறுத்தினார். காகிதத்தை வாங்கி, ஓரத்தில் பென்சிலால் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

தில்லைநாயகம் களைத்துப்போய் உட்கார்ந்தார். "அப்போ ஒவ்வொரு வரியா எடுத்து, இது வேணும், இது வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க. எதனாலன்னும் சொல்லுங்க. நான் எழுதுதேன்."

சாயங்காலம் வரை ஆயிற்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்குவாதம். நடுவில் ஒரு வாத்தியார் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டில் ஏழு மிஞ்சியது. ஏழும் எண்கள். ஒன்றுக்குப் பக்கத்தில், புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதால் இந்த எண்ணையே கொள்க என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். எண் கிடைக்காமல் எழுத்தாக வைத்து முறையாக முடித்த விடைக்கு எத்தனை மார்க் என்பதை மட்டும் அன்றைக்கும் முடிவு செய்ய முடியவில்லை. எண்தான் கொடுத்தாகிவிட்டதே, இனி அந்தப் பேச்சு எதற்கு என்று தில்லைநாயகம் நோட்டை மூடிவிட்டார்.

"புரூப்பை நான்தான் பார்ப்பேன்" என்றார் குழல்வாய்மொழி.

"பாருங்க."

மார்கழியில் அச்சாபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னதும், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மை காயாத தாளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். ஏழு வரியும் இருந்தன. நீராவிக்கு நேரே 450 என்று இருந்தது.

சிவப்பு மசிப் பேனாவைக் கேட்டு வாங்கித் திருத்தினார். திருத்தியதை அச்சுக் கோப்பவரிடம் வாய்விட்டு மூன்று முறை சொன்னார். அவர் ஐந்தையும் நான்கையும் இடம் மாற்றி, மறுபடி ஒரு தாள் அடித்துக் கையில் கொடுக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஜாஹிரா அந்த வருஷம் விஞ்ஞானத்தில் அறுபத்தியொன்று வாங்கித் தேறினாள். மார்ச்சிலும் தேறினாள். மிட்டாய் கொடுக்க டீச்சர் வீட்டுக்கு வந்தவள், கிளம்பும்போது கேட்டாள்: "போன வருஷம் நான் எல்லுன்னு போட்டது சரிதான டீச்சர்?"

"சரிதான்" என்றார் குழல்வாய்மொழி.

"அப்போ ஏன் டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். குற்றாலத்து இரைச்சல், அஞ்சாவது பக்கம், சுரண்டைக் கரும்பலகை, மாடன் கொண்டுவந்த சீட்டு. எங்கிருந்து தொடங்கினாலும் அந்தப் பெண் இழந்த ஒரு வருஷத்துக்கு அது ஈடாகப்போவதில்லை.

"உள்ள வா. காப்பி குடிச்சுட்டுப் போ. சொல்லுதேன்" என்று அடுக்களைக்குள் போனார்.